மைனஸ் நாற்பதில் உடைந்த தகடு

ஆலங்குடாவுக்குப் பக்கத்தில் மீன் உறையவைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களுக்கு நான்தான் பொறுப்பு. மூச்சில் ஏறினால் ஆளைக் கொல்லும் குளிர்பதன அம்மோனியா நிற்கும் பழைய தொட்டி அரித்துப்போனதால், குறிஞ்சிப்பிட்டி வெல்டிங்காரரிடம் புதிதொன்று செய்வித்தேன்; வயதில் மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவோம். தொட்டி மைனஸ் நாற்பது பாகைக் குளிரில் வேலை செய்ய வேண்டியது. பகல் முழுக்க அதன் அருகில் நிற்பவர் நானாவின் மருமகன்.

தொட்டி செய்ய வாங்கிய தகட்டுக்குச் சான்றிதழ் இல்லை. "என்னத்துக்குத் தம்பி பேப்பர்?" என்று நானா ஒரு துண்டைப் பிடிகருவியில் இறுக்கிச் சம்மட்டியால் அடித்தார். நல்ல மத்தியான வெயில். தகடு மடங்கியது, ஒரு வெடிப்பும் இல்லை. நானும் பெரிய மேதாவி மாதிரிக் குனிந்து பார்த்துச் சரி என்றேன். எங்கள் கரையில் இரும்பைச் சோதிப்பது அப்படித்தான். குளிர்காலம் கண்டிராத ஊரில் வேறு எப்படித் தோன்றும்?

காப்புறுதிக் கம்பெனிக்காரர் ஆய்வுகூடச் சோதனை இல்லாமல் விடவில்லை. சலித்துக்கொண்டே மிஞ்சிய தகட்டோடு நானாவையும் கூட்டிக்கொண்டு கொழும்பு ஆய்வுகூடத்துக்குப் போனேன். தொட்டிக்கு மறுநாள் வாயு ஏற்றுவதாக இருந்தது.

அங்கிருந்த பெண், தகட்டிலிருந்து விரலளவு துண்டுகள் வெட்டி, நடுவில் சிறு வெட்டு ஒன்று போட்டார். முதல் துண்டை அறைச் சூட்டிலேயே வைத்து, கனத்த ஊசல் சுத்தியலை விட்டார். மோதிய சுத்தியல் மறுபக்கம் கொஞ்சத் தூரமே ஏறியது. அதன் பலத்தைத் துண்டு வாங்கிக்கொண்டு, வளைந்து, பாதி கிழிந்து கிடந்தது.

"நான் சொல்லல்லையா?" என்றார் நானா.

அடுத்த துண்டு, உலர்பனி போட்ட மதுசாரத்தில் மைனஸ் நாற்பதில் கிடந்தது. இடுக்கியால் எடுத்து, சூடு ஏறுமுன் சில நொடிகளில் வைத்து அடித்தார். சுத்தியல் எதையும் தொடாததுபோல் மறுபக்கம் உயரே போனது. துண்டு இரண்டாகித் தரையில் தெறித்தது. வளைவே இல்லை. உடைந்த முகம் கற்கண்டுபோல் மினுங்கியது. அதே தகடு, அதே அடி. மாறியது குளிர் மட்டும்.

"சுப்ஹானல்லாஹ்," என்றார் நானா. "உடையிறத்துக்கு முன்னுக்கு நெளியவாச்சும் செய்யுமா மகள்?"

"இல்லை. பற்றவைத்த இடத்தில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். குளிருக்கென்றே செய்த உருக்குத்தான் வேண்டும்."

நானா அங்கேயே நின்று மருமகனுக்கு அழைப்பெடுத்தார். "மகன், நாளைக்கு அந்தத் தொட்டிக்கு வாயு ஏத்த வாணாம். தகடு சரியில்ல. அது என்ட பிழைதான்."

நான் தொலைபேசியை வாங்கினேன். "இல்ல, சரியென்டு சொன்னது நான்," என்றேன்.

மறுமுனையில் மருமகன், "நாளைக்கு நான் மட்டுமா, எங்கட ஆக்கள் பதினொரு பேரு தொழிற்சாலைக்குள்ள நிப்பம் சேர்," என்றார்.