ஷூவுக்குள் நின்ற மழை

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போனபோது, தண்ணீர் புகாத சவ்வு வைத்த ஷூ வாங்கிவந்தேன். எங்கள் பகுதியான லிங்கராஜபுரத்தின் ஜூலைத் தூறலில் இருவரும் நடந்துவிட்டு வந்தால் மனைவியின் வலைத்துணி ஷூ நனைந்திருக்கும். என் சாக்ஸ் காய்ந்தே இருக்கும். அதை நான் சொல்லிக்காட்டாத நாளில்லை.

அக்டோபரில் ஒரு மாலை பெருமழை. ரயில் பாலத்தடியில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஷூவின் வாய் வழியாக இறங்கியதைச் சவ்வு வெளியே விடவில்லை. அவளுடையதில் பத்தடி நடப்பதற்குள் வடிந்துவிட்டது. நான் ஓரமாக நின்று ஷூவைக் கவிழ்த்தேன்.

"உள்ள விடாதது வெளிய மட்டும் விடுமா?" என்றாள்.

மறுநாள் காலை அவள் ஷூ காய்ந்திருந்தது. என்னுடையது காய மூன்று நாளாயிற்று. மூன்று நாளும் அவள் தனியாக நடந்தாள்.

இன்று நானும் வலைத்துணி ஷூதான் போடுகிறேன். அவள் இல்லை; தனியாக நடப்பது இப்போது என் முறை.