திக்கும் வகுப்புக்கு ஊசி சொன்ன வைத்தியம்

இணைய நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். சிரித்துக்கொண்டே பேசினால் அந்தச் சிரிப்பு மறுமுனைக்குக் கேட்குமாம். எங்கோ ஒரு பயிற்சி வகுப்பில் காதில் போட்டுக்கொண்டு வந்து மேலாளர் வாங்கி வைத்தது. மற்றவர்கள் அதில் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள். ஊசி மட்டும் தன் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். தன் முகத்தில் ஓடுவதைப் பார்த்தால் தனக்கே வேலை போய்விடும் என்று தோழிகளிடம் சொல்வாள்.

ஊசி என்பது அவர்கள் வைத்த பெயர். குரல் தேன் மாதிரி இருக்கும். உள்ளே குத்தியது வாடிக்கையாளருக்குப் போனை வைத்த பிறகுதான் உறைக்கும். அவளுக்குப் பிடித்த பொத்தான் ஒன்று உண்டு, தன் குரலை மட்டும் அடைத்துவிடும் பொத்தான். வாடிக்கையாளர் வாய் ஓயாமல் திட்டும்போது அதை அழுத்திக்கொண்டு தானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு, மறுபடி திறந்து, "சொல்லுங்க சார்" என்பாள். இத்தனை வருஷமும் அந்தப் பொத்தான்தான் அவளுக்குச் சோறு போட்டது.

அன்று முற்பகல் வந்த அழைப்பை மற்றவர்கள் ஏற்கெனவே ஒருவர் தலையில் ஒருவர் கட்டிப் பார்த்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகளின் அப்பா. ஒரு பெரிய கம்பெனியில் அதிகாரி, அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடும் ரகம். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு வாரக்கணக்கில் திக்கித் திணறுகிறது, இருப்பதிலேயே பெரிய திட்டம் வாங்கியும் பிரயோஜனமில்லை என்றார். இவர்கள் அனுப்பிய ஆள் ஞாயிற்றுக்கிழமை வந்து, சோதனை அழைப்புப் போட்டுப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டீ குடித்துவிட்டுப் போனானாம். இன்றைக்குப் பெரியவளுக்கு வாய்மொழித் தேர்வு. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளைக் கூப்பிடுவார்கள். போன தேர்வில் பேச்சு விட்டு விட்டுக் கேட்டதால், வேண்டுமென்றே மழுப்புகிறாள் என்று ஆசிரியை எழுதிவிட்டார். இன்றும் அப்படி ஆனால் வருஷம் போச்சு.

"என் பசங்க வருஷத்துக்கு நீங்க பதில் சொல்வீங்களா?" என்றார்.

பொத்தானை அழுத்தி ஊசி தன் பதிலைச் சொல்லிக்கொண்டாள். பிறகு திறந்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். தான் ஆபீஸில், மனைவியும் வேலைக்குப் போயிருக்கிறாள், பிள்ளைகள்தான் என்றார். மகளை இதே அழைப்பில் சேர்க்கச் சொன்னாள். மகள் வந்தாள். பதினான்கு வயதுக்கு ரொம்ப மெல்லிய குரல்.

"தம்பிக்கும் உனக்கும் ஒரே நேரத்துல திக்குதாம்மா, இல்ல ஆளுக்கொரு நேரமா?"

ஒரே நேரம்தான் என்றாள் மகள். அப்படியானால் கோளாறு கணினியில் இல்லை, இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது என்று ஊசி விளக்கினாள். "இதைச் சொல்ல நீங்க எதுக்கு?" என்றார் அப்பா.

அடுத்த கேள்வி: திக்கும்போது டீச்சர் பேசுவது இவளுக்கு விட்டு விட்டுக் கேட்கிறதா, இவள் பேசுவது டீச்சருக்கா? டீச்சர் பேசுவது பெரும்பாலும் நன்றாகக் கேட்கிறது, தன் குரல்தான் உடைகிறதாம் என்றாள். ஊசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளே வரும் வழியில் அடைப்பில்லை. வெளியே போகும் வழியில்தான். இவர்கள் விற்கும் இணைப்பில் வருவதற்கு ராஜபாட்டை, போவதற்கு ஒற்றையடிப்பாதை. பெரிய திட்டம் வாங்கினாலும் அகலமாவது ராஜபாட்டைதான். இதை விளம்பரத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருப்பார்கள்.

வைஃபையாகவும் இருக்கலாம் அல்லவா? ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேராக ஒயர் போட்டுப் பார்க்கச் சொன்னாள். மகள் மேசையை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்பா இடையில், "மேஜையைக் கீறாத, இடது பக்கமாத் தள்ளு" என்றார். ஒயர் போட்ட பிறகும் உடைந்தது. ஆக, வைஃபையும் இல்லை.

"வீட்டுலேர்ந்து வேற எது வெளிய அனுப்புது? போன்ல போட்டோ ஏறிட்டிருக்கா? வேற ஏதாவது?"

ஒன்றும் கிடையாது என்று அப்பா அடித்துச் சொன்னார். "இதோ, நான் பாத்துட்டுதானே இருக்கேன். இப்பவும் அவ ஸ்கிரீன் அப்படியே நின்னுடுச்சு."

ஊசி இந்த முறை பொத்தானைத் தேடவில்லை. அவர் சற்றுமுன் சொன்னது தானாகவே அவள் காதில் திரும்ப ஓடியது. மேஜையின் இடது பக்கம்.

"நீங்க ஆபீஸ்லதானே சார் இருக்கீங்க. எப்படிப் பாக்கறீங்க?"

அவர் பெருமையாகவே சொன்னார். பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்கிறார்களா, தூங்குகிறார்களா என்று தெரிய வேண்டாமா? அறைக்கு ஒன்றாக இரண்டு கேமரா. இருப்பதிலேயே உயர்ந்த தரம், எழுத்தைக்கூடப் படிக்கலாம். ஆபீஸ் கணினியின் ஓரத்தில் நாள் முழுக்க ஓடும். லீவு நாளில் வீட்டில்தான் இருப்பார், அன்றைக்கு எதற்கு அதைத் திறக்கப்போகிறார்?

அனுப்பிய ஆள் டீ குடித்துவிட்டுப் போன மர்மம் விளங்கியது.

மகள் மெதுவாகச் சொன்னாள்: "கேமரா தலையைத் திருப்புறப்பதான் ரொம்ப உடையும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லலை?" என்று அப்பா பாய்ந்தார். சொன்னால் என்ன கிடைத்திருக்கும் என்பது அவரை முதல் முறை கேட்கும் ஊசிக்கே தெரிந்தது.

கேமரா இரண்டும் அவர் பார்க்கும்போதெல்லாம் படத்தை அந்த ஒற்றையடிப்பாதை வழியாகத்தான் அவருக்கு அனுப்புகின்றன, பிள்ளைகளின் குரலும் முகமும் அதே வழியில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன என்று சொல்லி, பார்ப்பதை மூடச் சொன்னாள். மூடினார். சற்று நேரத்தில், டீச்சர் இப்போது தெளிவாகக் கேட்கிறது என்கிறார் என்றாள் மகள். உடனே மறுபடி உடைந்தது.

"சார், திறந்தீங்களா?"

"சரியாயிடுச்சான்னு பாக்க வேண்டாமா?"

மூடினார். சரியானது. திறந்தார். உடைந்தது. ஆறின புண்ணைச் சொறிந்து பார்க்கும் குழந்தைகூட இவரைவிட அடக்கம் என்று ஊசி நினைத்தாள். அதற்குள் மகள் பதறினாள். அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ரெண்டு கேமராவோட ஒயரையும் பிடுங்கிடும்மா," என்றாள் ஊசி. "போனை அலமாரி மேல வச்சுட்டுப் போய்ப் பேசு."

"என்னைக் கேக்காம…" என்று அப்பா ஆரம்பித்தார்.

"அழைப்பைத் துண்டிச்சிடாதீங்க சார். சோதிச்சுட்டு இருக்கோம்."

பிறகு மகளின் குரல் மட்டும்தான் கேட்டது. ஆறு ஏன் வளைந்து ஓடுகிறது என்று ஆசிரியை கேட்டிருப்பார் போலிருக்கிறது. வெளி வளைவில் நீர் வேகமாக ஓடிக் கரையை அரிக்கும், உள் வளைவில் மெதுவாக ஓடி மண்ணைப் போடும் என்று மகள் சொன்னாள். தூரத்தில் கேட்டாலும் ஓர் எழுத்து உடையவில்லை. மேலாளர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு வந்தார். ஊசி அவர் பக்கம் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள்.

தேர்வு முடிந்தது. மகள் போனை எடுத்து, டீச்சர் நல்லா சொன்னேன்னார் என்றாள். அடுத்து, யாரைக் கேட்கிறாள் என்று தெரியாமல், "ஒயரைத் திரும்ப மாட்டணுமா?" என்றாள்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். தரத்தைக் குறைத்து வைத்தால் கேமராவும் ஓடும், வகுப்பும் ஓரளவு ஓடும் என்று ஊசி சொன்னாள். சொல்ல வேண்டியது அவள் கடமை. முகம் மட்டும் தெளிவாக இருக்காது. அவர் யோசித்தார்.

"குரலை மட்டும் கேக்கற மாதிரி ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவ பக்கத்துல உக்காருங்க. ஆறு ஏன் வளையுதுன்னு கேளுங்க."

அவர் அழைப்பைத் துண்டித்தார். சேவை எப்படி என்று கேட்ட குறுஞ்செய்திக்கு ஒற்றை நட்சத்திரம் வந்தது, கீழே ஒரு வரியோடு: வகுப்பு நன்றாக ஓடுகிறது, பிள்ளைகள் தெரியவில்லை.