கமா போட்டால் கரையும் படங்கள்

எங்கள் அலுவலகத்தில் வலைத்தளங்களைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு, கண்ணில் பட்ட பிழையை அப்போதே திருத்தாவிட்டால் தலை வெடித்துவிடும். ஒரு கமாவைத் திருத்தினாலும் உடனே ஒரு கமிட், அதாவது பழைய வடிவம் அழியாமல் புது வடிவத்தைப் பதிவுசெய்வது. அவர் பார்த்துக்கொண்ட ஒரு மரச்சாமான் கடையின் தளம் பெரிய படங்களால் நகரவே மாட்டேன் என்றது. அதனால், ஒவ்வொரு கமிட்டின்போதும் படங்களைத் தானாகச் சுருக்கிச் சேமிக்கும்படி செய்துவைத்தார்.

சில வாரங்களில் கடையின் புகைப்படக்காரர் வந்து கத்தினார்.

"என்னம்மா, நாற்காலியெல்லாம் கட்டம் கட்டமா தெரியுது?"

"நான் படத்தத் தொடவே இல்லங்க, கமாதான் போட்டேன்!"

பழைய கமிட்டுகளைப் புரட்டியதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். புதுப் படங்களை மட்டும் சுருக்கு என்று கணினிக்குச் சொல்ல மறந்திருந்தார். கமாவுக்குக் கமா எல்லாப் படங்களும் மறுபடி பிழியப்பட்டு, தரம் தேய்ந்துகொண்டே போயிருந்தது. என்னைப் போல வாரத்துக்கு ஒரு கமிட் போடும் சோம்பேறியாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது!

அசல் படங்களைப் பழைய கமிட்டுகளிலிருந்து மீட்டு, ஒரு படம் புதிதாகச் சேரும்போது ஒரே ஒரு முறை மட்டும் சுருக்கும்படி மாற்றினார். புகைப்படக்காரர் திரையை உற்றுப் பார்த்தார்.

"முதல்ல இருந்த மாதிரியேதானே இருக்கு? இவ்வளவு நேரம் என்னதான் வேலை பாத்தீங்க?"