மூன்று கீபோர்டும் ஆம்ப்ரோஸும்

ஆம்ப்ரோஸ் எந்த மெஷினையும் வந்தவுடன் தொட மாட்டார். ஸ்கூட்டர் சாவியை மேஜைமேல் வைப்பார், நெற்றியைத் துடைத்துக்கொள்வார், பிறகு "யார் யார் கை வெச்சீங்க?" என்று கேட்பார். வீடு விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்தெருவில். வியாழக்கிழமை நவநாள் ஜெபம் முடியாமல் எந்த ஆபீஸுக்கும் வர மாட்டார்; எங்கள் ஆபீஸுக்கு அவர் முறையும் வியாழன்தான். தொம்மலூரில் எங்கள் ஆபீஸையும் சேர்த்து ஏழெட்டு இடங்களின் கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. பையில் ஒரு டார்ச், ஒரு பழைய டூத்பிரஷ், சின்ன பாட்டிலில் ஸ்பிரிட், அவ்வளவுதான். அவரைச் சரியான மெத்தனக்காரர் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இரண்டாயிரத்து நான்காம் வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் அந்த நினைப்பு போயிற்று. கூடவே என்னைப் பற்றி எனக்கு இருந்த நல்ல நினைப்பும் போயிற்று.

எங்களுடையது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீஸ். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். ஒலியை நிறுத்தவும் ஓட்டவும் காலடியில் ஒரு பெடல் இருக்கும். ராஜலக்ஷ்மியாகிய நான் சூப்பர்வைசர். ஃபாத்திமா சேர்ந்து மூன்று மாதம் முடிகிற தறுவாயில் இருந்தாள். வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்குப் போக வேண்டியதுதானா என்று முடிவாக வேண்டிய வாரம் அது.

பூஜைக்கு அடுத்த திங்களன்று அவள் கீபோர்டு வேலை செய்யவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் பழைய உருண்டை முனை கீபோர்டு. அவள் மெஷினில் அந்த சாக்கெட் உடைந்துபோனதால் யுஎஸ்பி கீபோர்டு கொடுத்திருந்தோம். சிபியு மேஜைக்கடியில் மரப்பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும், சிடி போட மட்டும் ஒரு சந்து உண்டு. மேஜைமேல் நாலு ஓட்டை உள்ள ஒரு ஹப் மட்டும் வெளியே இருக்கும். ஒன்றில் பெடல், ஒன்றில் கீபோர்டு, இரண்டு காலி.

மேனேஜர் சீனிவாசராகவன் தானே வந்து பார்த்தார். பெடல் ஓட்டையை விட்டு மற்ற மூன்றிலும் கீபோர்டை மாற்றி மாற்றிச் சொருகினார். விளக்கு எரியவில்லை. மவுஸை வைத்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து புது ஹார்டுவேரைத் தேடச் சொன்னார். கீபோர்டின் பெயரே வரவில்லை. டிரைவர் சிடியையும் போட்டுப் பார்த்தார்.

"பெடல் ஓடறதோல்லியோ? அப்போ ஹப் நன்னாத்தான் இருக்கு. கீபோர்டுதான் போயிடுத்து" என்றார்.

வேறு மெஷினில் மாட்டிப் பார்க்கலாமா என்று ஃபாத்திமா கேட்டாள். "கெட்டுப்போனதை நல்ல மெஷின்ல சொருகி அதையும் கெடுக்கணுமா?" என்று அவர் பாய்ந்தார். நானும் தலையாட்டினேன்.

செவ்வாயன்று புதுக் கீபோர்டு வந்தது. அதே கதை. புதனன்று இன்னொன்று. அதுவும் அப்படியே. அன்றுதான் சீனிவாசராகவன் ஒரு பிளக்கைத் திருப்பிப் பார்த்து என்னிடம் நீட்டினார். முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. "ஸீட்ல உக்காந்து சாப்டறா. மசாலாக் கை. மூணு கீபோர்டைக் கொன்னுட்டா."

நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் டிபன் டப்பாவைத் திறந்தால் எழும் வாசனை எனக்கும் பிடிக்காது. அதை இன்று ஒப்புக்கொள்கிறேன். வியாழன் காலை அவளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை என் கம்ப்யூட்டரில் நானே டைப் அடித்தேன்.

பிரிண்ட் கொடுக்கப் போகும்போது ஸ்கூட்டர் சாவி மேஜையில் விழும் சத்தம் கேட்டது.

ஆம்ப்ரோஸ் எல்லாக் கதையையும் கேட்டார். சிடியைப் பார்த்துச் சிரித்தார். "கீபோர்டுக்கு எதுக்கு சார் சிடி? டிரைவர் விண்டோஸ்லயே கீது. சொருகுனா தானா எடுத்துக்கும். விளக்கே எரியலன்னா டிரைவர் வரைக்கும் போவவே தேவையில்ல." பிறகு அலமாரியிலிருந்த மூன்று கீபோர்டுகளின் முனையையும் துடைத்து எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "மேடம், உங்க மெஷின் முன்னால யுஎஸ்பி கீதில்ல? ஸ்வல்ப தள்ளிக்கோங்க."

நான் தடுப்பதற்குள் முதல் கீபோர்டைச் சொருகிவிட்டார். நம்லாக்கைத் தட்டினார். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. விரல் போன இடத்தில் நாலைந்து எழுத்தைத் தட்டினார். திரையில் திறந்திருந்தது அந்தக் கடிதம். ஃபாத்திமாவின் பெயருக்குப் பக்கத்திலேயே asdf என்று விழுந்தது. இரண்டாவது கீபோர்டு, மறுபடி asdf. மூன்றாவது, மறுபடியும். செத்துப்போனவை என்று நாங்கள் சத்தியம் செய்த மூன்றும் உயிரோடு இருந்தன.

ஆம்ப்ரோஸ் கடிதத்தைப் படித்தார். ஃபாத்திமாவின் மேஜைக்குப் போய்ப் பெடலைப் பிடுங்கி, அந்த ஓட்டையில் கீபோர்டைச் சொருகினார். உடனே வேலை செய்தது. கீபோர்டு இருந்த ஓட்டையில் பெடலை மாட்டினார். பெடல் செத்தது.

"கீபோர்டும் நல்லாக்கீது, பெடலும் நல்லாக்கீது. பெடல் ஓடுனதால ஹப் மொத்தமும் ஓடுதுன்னு நினைச்சுக்கினீங்க. இந்த ஒரு ஓட்டைதான் ஓடுது. மீதி மூணும் அவுட்டு."

ஹப்பைக் கழற்றி டார்ச் அடித்தார். மூன்று ஓட்டைக்குள்ளும் தகடுகள் தெரியாதபடி மஞ்சள் பொருக்கு காய்ந்து கிடந்தது.

"பாத்தேளா, மசாலா" என்றார் சீனிவாசராகவன்.

ஆம்ப்ரோஸ் டூத்பிரஷ் காம்பால் கொஞ்சம் சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு என் பக்கம் நீட்டினார். "மசாலா இல்ல சார். சந்தனம்."

அந்த வாசனை எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுக் கல்லில் நானே இழைத்த சந்தனம். பூஜையன்று எல்லா மேஜையையும் துடைத்து, பொட்டு வைத்தது நான். ஃபாத்திமாவின் கீபோர்டைக் கழற்றித் தட்டித் துடைத்ததும் நான். பெடல் மாட்டியிருந்ததால் அதன் ஓட்டை தப்பித்தது. காலியாக இருந்த மூன்று வாய்க்கும் குறையில்லாமல் இருக்கட்டும் என்று ஆளுக்கொரு பொட்டு, தளரக் குழைத்து, அழுத்தி வைத்தேன்.

ஆம்ப்ரோஸ் ஸ்பிரிட்டில் பிரஷை நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, ஹப்பை மாட்டினார். நாலு ஓட்டையும் வேலை செய்தன. பிறகு சர்வீஸ் ரிப்போர்ட்டை எடுத்தார்.

"தூசின்னு எழுதிடுங்கோ" என்றார் சீனிவாசராகவன் அவசரமாக.

ஆம்ப்ரோஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார். "காரணம்னு என்னா எழுதட்டும் மேடம்?"

"சந்தனம்னு எழுதுங்கோ. வெச்சது ராஜலக்ஷ்மின்னும் எழுதுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். சீனிவாசராகவன் தன் அறைக்குள் போய்விட்டார். அந்தக் கடிதத்தை நான் அழித்தேன். சனிக்கிழமை அவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று.

ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. அந்த வியாழன் மத்தியானமே மன்னிப்புக் கேட்க அவள் மேஜைக்குப் போனபோதுதான் ஞாபகம் வந்தது. பூஜையன்று எல்லோர் கையிலும் வேலை இருந்ததால், மேஜை மேஜையாக என் கூடவே சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவள் ஃபாத்திமா.

"நான் ஓட்டைல வெச்சதை நீ பார்த்தியாம்மா?"

"பாத்தேன் மேடம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! இந்த மூணு நாள்ல ஒரு தரமாவது சொல்லியிருக்கலாமே!"

அவள் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கினாள். "உங்க பூஜை மேடம். அதால கெட்டுதுன்னு நான் சொன்னா, கீபோர்டு விஷயம் போயி வேற விஷயம் ஆயிடும். வேலை போனா வேற வேலை கிடைக்கும்னு இருந்துட்டேன்."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெடலை மிதித்தாள். பின்னால் ஆம்ப்ரோஸ் மேஜையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.