கரும்பலகையில் எழுதிய பிழைகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவின் ஈப்போ நகரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. கீழ் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வேண்டும். என் படிப்பும் அதே பள்ளிப் படிப்புதான். அதற்கு மேல் எதுவும் படிக்கவில்லை. செமோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் என் அப்பா கங்காணியாக இருந்தார். நான் ஈப்போவில் ரயில்வே குடியிருப்பில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். வேலை தற்காலிகம். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்த்துச் சரி என்றால்தான் நிலைக்கும்.

நிலைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை. அப்பா தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். அத்தை சோறு போட்டுக்கொண்டே அதை என்னிடம் சொன்னாள்.

"வேல நெலையாகலன்னா பாகான் செராய் ஊருச் சம்பந்தத்தப் பேசி முடிச்சுருவாராம். மாப்பிள்ளைக்கு நெல்லு வயலு இருக்காம். நான் என்னா சொல்ல முடியும்லா, ஒங்கப்பா பேச்சு."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை மேல் எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. வகுப்பை விட்டுப் போக மனமில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த வகுப்பில் வாய் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் பத்து தடவை சொல்லிப் பார்க்காத ஆங்கில வாக்கியத்தை நான் பள்ளியில் சொன்னதே இல்லை.

என் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் பாதி, சீனப் பிள்ளைகள் பாதி. தமிழ்ப் பிள்ளைகள் செய்த பிழைகள் எல்லாம் எனக்கு நெருங்கிய சொந்தம். 'ஒரு பையன் வந்தான்' என்பதை 'ஒன் பாய் கேம்' என்பார்கள். அந்தப் பையனைப் பற்றி மறுபடி பேச வேண்டுமென்றால் 'தட் பாய்' என்பார்கள், இல்லாவிட்டால் வெறும் 'பாய்' என்பார்கள். 'ஏ', 'தி' என்ற இரண்டு சின்னச் சொற்களுக்கும் நம் பேச்சில் இடமே இல்லை. நாம் 'ஒரு' என்பதை எண்ணிச் சொல்லும்போதும் சொல்கிறோம், புதிதாக ஒன்றைச் சொல்லும்போதும் சொல்கிறோம். வெள்ளைக்காரர்களோ இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது 'இல்'. சுவரில் பல்லி, பெட்டியில் சீப்பு, வாசலில் நாய். நமக்கு மூன்றுக்கும் ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் பல்லிக்கு 'ஆன்', சீப்புக்கு 'இன்', நாய்க்கு 'அட்'. பிள்ளைகள் மூன்றுக்கும் 'இன்' போட்டார்கள். பல்லி சுவருக்குள்ளே புகுந்துகொண்டது. 'அவளிடம் சொன்னேன்' என்பதில் ஓர் 'இடம்' இருப்பதால், 'ஐ டோல்ட் டு ஹெர்' என்று தேவையில்லாத 'டு' ஒன்றையும் நடுவில் வைத்தார்கள்.

எனக்கு மேலே, அடுத்த வகுப்பை ஒரு யாழ்ப்பாணத்து அக்கா நடத்தினார். அவருடைய அப்பா பத்து காஜா என்ற ஊர் ஆஸ்பத்திரியில் பெரிய கிளார்க். நன்றாகப் படித்தவர், பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். தமிழ்ப் பிள்ளைகள் செய்யும் பிழைகளையெல்லாம் அவர்தான் தேடிச் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு காலையும் அதில் சில வாக்கியங்களைக் கரும்பலகையில் பிழையோடு எழுத வேண்டும். பிள்ளைகள் உரக்க வாசித்து, பிறகு திருத்த வேண்டும். பெரிய மிஸ், அதாவது எங்கள் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை, இதைப் பார்த்து மகிழ்ந்து எல்லா வகுப்புக்கும் இதே முறை என்று சொல்லிவிட்டார்.

நானும் அப்படியே எழுதினேன். வாரங்கள் போயின. பிழைகள் குறையவில்லை. மாலையில் கடைத்தெரு வழியாக நடந்து போகும்போது பிள்ளைகளின் குரல் காதில் ஓடிக்கொண்டே இருக்கும். 'ஐ டோல்ட் டு ஹெர், ஐ டோல்ட் டு ஹெர்.' என் புத்திதான் மட்டம், சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை என்று நினைத்து நினைத்து மாய்ந்தேன்.

ஒரு நாள் மழையில் நனைந்து ஒரு சீனச் சிறுமி தாமதமாக வந்தாள். குடை எங்கே என்று கேட்டேன். அவள், 'ஐ டோல்ட் டு மதர், மிஸ்' என்று தொடங்கினாள்.

அப்புறம் அவள் சொன்னது என் காதில் விழவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. முன்பெல்லாம் அவள் 'ஐ டெல் மதர்' என்றுதான் சொல்வாள். காலம் தவறும், ஆனால் அந்த 'டு' அவள் வாயில் வந்ததே இல்லை. அவள் வீட்டுப் பேச்சிலிருந்து அது வந்திருக்க வழியில்லை. என் கரும்பலகையிலிருந்து வந்திருந்தது. மற்ற சீனப் பிள்ளைகளையும் கவனித்தேன். அவர்களில் இன்னும் இரண்டு மூன்று பேர் தமிழர்கள் போலவே பிழை செய்யப் பழகியிருந்தார்கள்.

அக்காவிடம் இதைச் சொல்ல எனக்குப் பல நாள் பிடித்தது. சொல்லலாம் என்று ஓய்வறைக்குப் போவேன், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். கடைசியில் சொன்னபோது அவர் சிரித்தார்.

"பிழையைக் காட்டாமல் அது பிழையெண்டு பிள்ளைக்கு எப்பிடித் தெரியும், சொல்லும் பாப்பம்?"

"தெரியலக்கா. ஆனா எழுதிக் காட்டுறதத்தான் புடிச்சிக்குதுங்க. திருத்துறது நிக்க மாட்டேங்குது."

"உமக்குப் பயம். இன்ஸ்பெக்டர் வாறார் எண்ட பயம். அதுதான் இப்பிடியெல்லாம் தோணுது."

பயம் என்பது உண்மைதான். ஆனால் பலகைப் பாடம் முடிந்ததும் மீதி நேரத்தில் வேறொன்று செய்து பார்க்க ஆரம்பித்தேன். அத்தையிடம் ஒரு தாம்பாளமும் ஒரு துணியும் கேட்டு வாங்கிப் போனேன். தாம்பாளத்தில் ஒரு சாவியும் இரண்டு சீப்பும் வைத்து மூடினேன். துணியை எடுத்து, 'லுக் அட் தி ட்ரே' என்று சொல்லி, பார்த்ததும் மறுபடி மூடுவேன். என்ன கண்டாய் என்று கேட்டால் 'ஏ கீ' என்று சொல்ல வேண்டும். சாவி இருப்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் அடுத்தவள் கேட்கும்போது 'கிவ் மீ தி கீ' என்றுதான் கேட்க வேண்டும். சீப்பு இரண்டு இருக்கிறது. எந்தச் சீப்பானாலும் சரி என்பதால் அதற்கு 'கிவ் மீ ஏ கோம்'. 'தி கோம்' என்று யாராவது கேட்டால் கொடுப்பவள் இரண்டையும் தூக்கிக் காட்டி, எது என்று கேட்பாள். விளக்கமே வேண்டியதில்லை. கேட்டவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அப்புறம் சீப்பைப் பெட்டிக்குள் வைப்போம், பெட்டி மேல் வைப்போம், ஒருத்தியைக் கதவருகே நிற்க வைப்போம். கையால் வைத்துக்கொண்டே வாயால் சொல்ல வேண்டும். 'சொன்னேன்' என்பதற்கு ஆளனுப்பும் விளையாட்டு. அவளிடம் சொல், ஜன்னலைத் திறக்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே ஒருத்தியிடம் சொல்வேன். போய்ச் சொல்லிவிட்டு வந்தவள் 'ஐ டோல்ட் ஹெர் டு ஓபன் தி விண்டோ' என்று வகுப்புக்குச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் நான் தப்பைத் திருப்பிச் சொல்வதில்லை. சரியானதை மட்டும் சொல்லி, மறுபடி அனுப்புவேன். தமிழிலும் எதையும் சொல்வதில்லை. சொன்னால் 'இல்' வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மெதுவாகத்தான் மாறியது. சில பிள்ளைகளுக்கு மாறவே இல்லை. இன்ஸ்பெக்டர் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் வந்த அன்று காலை நான் வருவதற்கு முன்பே அக்கா என் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார். அழகான, வளைவு பிசகாத எழுத்து. எல்லாம் பிழை வாக்கியங்கள். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் துரை வந்து பின்வரிசையில் குட்டை நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். பக்கத்தில் பெரிய மிஸ், கதவருகில் அக்கா. பிள்ளைகள் வாசிக்கத் தயாராகப் பலகையைப் பார்த்தார்கள். முன்வரிசையில், அன்று மழையில் நனைந்து வந்த அந்தச் சீனச் சிறுமி உதட்டை அசைத்து முதல் வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. தாங்கியில் இருந்த பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். தைரியம் என்று இப்போது யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கை தானாகச் செய்தது.

தாம்பாளத்தை மேசையில் வைத்தேன். துணியைப் பிடித்தேன். தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம், அன்று மட்டும் என் வாயில் வேறு மாதிரி வந்தது.

"லுக் தி ட்ரே."

தட்டைப் பார், தட்டைப் பார் என்று உள்ளே தமிழில் ஓடியதுதான் அப்படியே வெளியே வந்துவிட்டது. 'அட்' இல்லை. சொன்ன கணமே எனக்குத் தெரிந்தது. பாகான் செராய் வயல் கண் முன்னால் வந்து நின்றது.

அந்தச் சிறுமி கையைத் தூக்கினாள். நான் அனுமதி கொடுத்ததாக நினைவில்லை. எழுந்து நின்று, கேலி எதுவும் இல்லாமல், வகுப்பில் நான் எப்படித் திருத்துவேனோ அதே குரலில் சொன்னாள்.

"லுக் அட் தி ட்ரே, மிஸ்."

வகுப்பு முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது. தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்தே சொன்னார்கள். நானும் சொன்னேன். துணியை எடுத்தேன். சாவி, சீப்பு, பெட்டி, கதவு எல்லாம் நடந்தன. இன்ஸ்பெக்டர் துரை நடுவில் எழுந்து வந்து தானே ஒரு சீப்பு கேட்டார். வேண்டுமென்றே 'தி கோம்' என்று கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டையும் தூக்கிக் காட்டினார்கள்.

மாலையில் பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. பிள்ளைகளின் ஆங்கிலம் துரைக்குத் திருப்தி, என் ஆங்கிலம் போதாது என்றார். இன்னும் ஒரு வருஷம் தற்காலிகமாகவே இருக்க வேண்டும், பிறகு மறுபடி வந்து பார்ப்பார்கள். கீழ் வகுப்பில் இனிப் பிழை வாக்கியம் எழுத வேண்டாம் என்றும் துரை சொல்லியிருந்தாராம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வெளியே அக்கா நின்றிருந்தார்.

"எனக்கு உம்மில சரியான கோவம். பலகையைத் திருப்ப முன்னம் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனேக்கா."

"சத்தமாய்ச் சொல்லியிருக்க வேணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் நியாயம் இருந்தது. அதன் பிறகு வெகு நாள் வேலை விஷயம் தவிர வேறு எதுவும் அவர் என்னிடம் பேசவில்லை.

அத்தை தோட்டத்துக்கு ஆள் மூலம் செய்தி அனுப்பினாள். நிலைக்கவும் இல்லை, போகவும் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அப்பா கேட்டாராம். ஒரு வருஷம் பொறுக்கிறேன் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் தாம்பாளத்தை வைத்தேன். பிள்ளைகள் காத்திருந்தார்கள். துணியைப் பிடித்தேன். வாக்கியம் சரியாகத்தான் வரும் என்று தெரியும், இருந்தாலும் வரவில்லை. அந்தச் சிறுமியை முன்னால் கூப்பிட்டுத் துணியின் நுனியை அவள் கையில் கொடுத்தேன். அவள் வகுப்பை ஒரு தரம் அதிகாரமாகப் பார்த்துவிட்டு, கட்டளையிட்டாள். நான் பின்வரிசைக்குப் போய், துரை உட்கார்ந்த குட்டை நாற்காலியில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தேன்.