பதினொரு நிமிடக் குடிகாரன்

கண்டிச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு வாசிகசாலையின் மாடியில், சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் ஏழு பேர் நாடகம் பழகினோம். நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, டவுனில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தவள். எங்களை நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர். அவர் ஒரு நிலைமையைச் சொல்வார். நாங்கள் எழுந்து நின்று வாய்க்கு வந்ததைப் பேசி நடிப்போம். பக்கத்தில் டேப் ரெக்கோடர் ஓடும்.

இரண்டு மாதத்தில் ஒன்பது கசெற் நிரம்பியது. நாங்கள் சேரவிருந்த நாடகப் போட்டியில் ஒரு குழுவுக்கு இருபது நிமிடம்தான். மணி அடித்தால் திரை விழுந்துவிடும். டைப் அடிக்கத் தெரியும் என்பதால் பிரதியாக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

எல்லாவற்றையும் கேட்டு, ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரையில் பரப்பினேன். அவற்றில் ஒன்று மட்டும் என்னை விடவில்லை. வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்கு ஒரு பெண்ணை அழைத்து வந்த கடிதம் தோட்டத்து ஆபீசிலேயே கிடக்க, அவள் லயத்தில் காத்திருக்கிறாள். கடிதம் நேரத்துக்குக் கைக்கு வருமா? இந்தக் கேள்வியைத் தள்ளிக்கொண்டு போகாத துண்டுகளை ஒதுக்கினேன். இரண்டு கங்காணிகளை ஒருவராக்கினேன்.

ஒதுக்கியதில் பெரியது குடிகாரச் சித்தப்பா. மாநகரசபையில் கிளார்க்காக இருந்த, என்னைப் போலவே லயத்திலிருந்து வந்த ஒருவர் நடித்தது. பதினொரு நிமிடம். எங்களை விழுந்து விழுந்து சிரிக்க வைத்த காட்சி.

பிரதியை வாசித்து முடித்ததும் அந்தக் கிளார்க் கேட்டார்: "என் சீன் எங்கங்க?"

"அது கடிதத்தோட சேரல."

"வாயில வந்தது எங்களோடது. நீங்க மெஷின்ல அடிச்சதுனால உங்களோடதாயிருமா? லயத்துக்காரங்கள லயத்துக்காரியே வெட்டுறது புதுசு இல்லதான்."

"சிரிப்புக் காட்ட வந்தா சர்க்கஸுக்குப் போங்க" என்றேன். ஆசிரியர், "ஓம், சண்டையைப் பிறகு பிடியுங்கோ. எழும்பி நடியுங்கோ பாப்பம்" என்றார்.

நடித்தோம். வாசிக்கும்போது இருபத்திரண்டு நிமிடம், எழுந்து நடித்தால் இன்னும் கூடும். கடிதத்துக்காகக் காத்திருக்கும் பெண் நான்தான். நடுவில் கிளார்க் அழைக்காமலே தள்ளாடிக்கொண்டு உள்ளே வந்தார். கெடுக்கத்தான் வந்தார், அது அவர் கண்ணிலேயே தெரிந்தது. என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னார்:

"ஏய், உன் பேரு போட்ட கடுதாசி ஒண்ணு ஆபீஸ் மேசையில கெடக்கு. பெரிய உத்தியோகக்காரி!"

நான் பாத்திரமாகவே, "போங்க சித்தப்பா, குடிச்சிட்டு ஒளறாதீங்க" என்றேன்.

கதையில் அந்தப் பெண் உண்மையைக் கேட்டுவிட்டாள், ஆனால் நம்பவில்லை. ஆபீசுக்குப் போய்க் கேட்காமலே மேலும் இரண்டு நாள் போகிறது. பிரதியில் எனக்குக் கிடைக்காமலிருந்த திருப்பம் அதுதான். ஆத்திரத்தோடேயே பென்சிலை எடுத்து அந்த ஒரு நிமிடத்தை எழுதினேன்.

அவர் விடவில்லை. என் கையிலிருந்த கடைசிப் பக்கத்தைப் பிடுங்கினார். கடிதத்தைப் பிரித்த பிறகு என் பாத்திரம் அழுது பேசும் இடம். "இது நாலு நிமிஷம். இன்டர்வியூ திகதி போயிருச்சுன்னு சனத்துக்குத் தெரிஞ்சிருச்சு. பொறகு எதுக்கு இது? உங்க சொந்த அழுக, அதான் வெட்டல."

அறைந்தது போல இருந்தது. ஆசிரியர் என்னைப் பார்க்கவே இல்லை. "கேள்விக்குப் பதில் கிடைச்ச பிறகு சனத்தை ஏன் இருத்தி வைப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

வெட்டினேன். அவள் கடிதத்தைப் பிரித்து நேர்முகப் பரீட்சைத் திகதியை வாசிக்கிறாள், பக்கத்தில் நிற்பவரிடம், "இன்னைக்கு என்னா திகதிங்க?" என்று கேட்கிறாள். பதில் வருகிறது. விளக்கு அணைகிறது. அங்கங்கே இன்னும் சில வரிகளைக் குறைத்து, சிரிப்புக்கும் காட்சி மாற்றத்துக்கும் இடம் விட்டு, பதினெட்டு நிமிடத்தில் நிறுத்தினோம்.

பிரதியின் முதல் பக்கத்தில் 'எழுதியது' என்று போட்டு என் பெயரை அடித்திருந்தேன். கிளார்க் பேனாவால் அதை வெட்டிவிட்டு, 'குழு' என்று எழுதினார். நான் மறுபடி அடித்தேன். அவர் மறுபடி வெட்டினார். கடைசியில் ஆசிரியர் 'குழு' என்றே அனுப்பினார். அன்று ஆசிரியரையும் வெறுத்தேன்.

போட்டியன்று குடிகாரனுக்குச் சிரித்த மண்டபம், திகதியைக் கேட்டதும் மூச்சு விடவில்லை. மணி அடிக்குமுன் முடித்தோம். இரண்டாம் இடம் கிடைத்தது. மேடைக்குப் பின்னால் கிளார்க் என்னைத் தாண்டி நடந்து, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, வத்தேகம பஸ்ஸில் ஏறினார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நானும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு ரோட்டில் கண்டாலும் நாங்கள் பேசியதில்லை. நாடகத்தின் இரண்டு நல்ல இடங்களும் அவர் பகையில் வந்தவை என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்ல மனம் வரவில்லை.