வலையோரம் எழும்பிய காக்

ஆவடிக் குவார்ட்டர்ஸில் நான் குடியிருந்த அந்த எழுபதுகளில் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது ஃபோர்மேன் இல்லை, தண்ணீர் வராத குழாய் இல்லை. பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிக்காரன்தான். என் வயதுதான். தொழிற்சாலையில் நான் வேலை பார்த்த ஷாப்பில்தான் அவனும் ஃபிட்டர். நல்ல மனுஷன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சாயங்காலம் கிளப் ஹாலில் ஷட்டில் மட்டையோடு எனக்கு எதிரே நின்றுவிட்டால், அவனைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் திருமழிசைப் பக்கம். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். நான் படித்ததைவிட பூப்பந்து ஆடியதுதான் அதிகம். கம்பளிப் பந்து, திறந்த மைதானம், பக்கத்துக்கு ஐந்து பேர். என் இடம் கடைசி வரிசை. அவரவர் இடத்தை அவரவர் பார்த்துக்கொண்டால் போதும். வருகிற பந்தைத் தோளிலிருந்து முழுக்கை வீசி வெளுக்க வேண்டியதுதான். வலைப் பக்கம் போகிற வேலையே எனக்கு இருந்ததில்லை. நான் அடித்தால் எதிரணி ஒதுங்கும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தக் கையோடுதான் கிளப்புக்குப் போனேன். வேகமாக அடிப்பவன் ஜெயிப்பான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அவன் வேகமாகவே அடிக்க மாட்டான். இறகுப் பந்தை, நாங்கள் காக் என்போம், தலைக்கு மேல் உயரமாகத் தூக்கி, என் இடது பின் மூலையில் கோட்டுக்கு அருகே விழவைப்பான். கிளியர் என்பார்கள், எங்கள் கிளப்பில் டாஸ். நான் பின்னால் ஓடி, உடம்பைத் திருப்பி ஓங்கி அறைவேன். அவ்வளவு தூரத்திலிருந்து அறைந்தால் இறகு காற்றைப் பிடித்துக்கொண்டு பாதி வழியிலேயே வேகம் இழந்துவிடும். அவன் சாவகாசமாக மறுபடி அதே மூலைக்கு அனுப்புவான். இரண்டு மூன்று டாஸ் போனதும், அடுத்ததும் பின்னால்தான் என்று என் உடம்பு தானாகவே பின்பக்கம் சாயும். அந்த நேரம் பார்த்து, அதே தோள் தூக்கல், அதே கை வீச்சு, கடைசியில் மட்டும் மட்டையைத் தளர்த்தி ஒரு டிராப். காக் வலையைத் தாண்டியதும் செத்த மாதிரி விழும். நான் விழுந்தடித்து ஓடி, தரைக்கு ஒட்டி எப்படியோ எடுத்துப் போட்டால், அது வலைக்கு மேல் ஒரு சாண் எழும்பும். அங்கே அவன் மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்பான். கீழ்நோக்கி ஒரு தட்டு. முடிந்தது கதை.

ஒரு நாள் என் மனைவி வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னாள்:

"இன்னாய்யா, அவுரு நின்ன எடத்துலயே நின்னுகினு கீறாரு. நீ மட்டும் பஸ்ஸ வுட்டவன் மாறி இங்கயும் அங்கயும் ஓடிகினு கீறே?"

"உனுக்கு இன்னா தெரியும் ஆட்டத்த பத்தி?" என்றேன்.

"ஆட்டம் தெரியாது. நீ ஓடுறது தெரியுது."



அந்த வருஷம் வெளியூர்த் தொழிற்சாலை ஒன்றில் போட்டி வைத்தார்கள். எங்கள் ஷாப்பிலிருந்து சிங்கிள்ஸுக்கு ஒரே ஒரு ஆள். அதற்கு எங்கள் இருவருக்கும் ஒரு ஆட்டம். ஷாப்பின் பெயர் எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு ரயிலேற வேண்டும் என்று எனக்கு வெறி. ஊரில் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

ஆட்டத்துக்கு முந்தைய வாரங்களில் நான் ஆடுவதைக் குறைத்து, அவன் மற்றவர்களோடு ஆடுவதை உட்கார்ந்து பார்த்தேன். பந்தைப் பார்க்காமல் கால்களைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அவன் காலியான இடத்தைத் தேடி அடிக்கவில்லை. எதிராளி ஒரு மூலையிலிருந்து நடுவுக்குத் திரும்பிக் காலை ஊன்றுவதற்குள், அதற்கு நேர் எதிர் மூலைக்கு அனுப்பிவிடுகிறான். இடது பின் மூலைக்கு ஒரு டாஸ், வலது முன் மூலைக்கு ஒரு டிராப். கோர்ட்டிலேயே நீளமான ஓட்டம் அதுதான். இவ்வளவுதானா என்று எனக்கு அவன் மேல் இன்னும் கோபம் வந்தது.

டாஸையும் டிராப்பையும் விடாமல் பழகினேன். டாஸ் பாதியில் விழுந்தால் எதிராளிக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி என்பதால், கடைசிக் கோடு வரை போகும்படி உயரத் தூக்கப் பழகினேன். டிராப்புக்கும் அதே மாதிரி கையைத் தூக்கப் பழகினேன். வலையோரத் தட்டைப் பழகவில்லை. வலைக்கு மேல் எழும்பிவிட்ட பந்தை அடிக்க ஒருவன் பழக வேண்டுமா என்ன?

ஆட்டத்தன்று ஷாப்பே ஹாலில் நின்றது. முதல் கேம் அவனுக்கு, இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் பதினான்குக்குப் பன்னிரண்டு, சர்வீஸ் என் கையில். பதினைந்துக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி. என் மனைவி முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள்.

சர்வீஸை உயரமாகப் போட்டேன். அவன் திருப்பியதை இடது பின் மூலைக்கு டாஸ். மறுபடி டாஸ். அவன் உடம்பு பின்பக்கம் சாய்வதைக் கண்ணால் பார்த்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அபூர்வம். அதே கையைத் தூக்கி டிராப் போட்டேன். அவன் தடதடவென்று ஓடிவந்து, குனிந்து, கடைசி நொடியில் எடுத்தான். காக் வலைக்கு மேல் ஒரு சாண் எழும்பியது. அதற்குள் நான் வலைக்கு முன்னேறி நின்றேன். அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. முடிந்தது என்று அவனுக்கே தெரியும்.

நான் ஓங்கினேன். தோளிலிருந்து, திருமழிசை மைதானத்துக் கடைசி வரிசையிலிருந்து, முழுக்கை வீச்சு. காக் அவன் காலடியில் போய் அறைந்தது. ஹாலே கத்தியது. என் மட்டை, காக் தரையைத் தொடும் முன்பே, அடித்த வேகத்தில் நிற்காமல் கீழே வந்து வலையை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"வலை ஃபால்ட்" என்றார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கிளப் செக்ரட்டரி.

அந்தக் காலத்தில் சர்வீஸ் போடுபவனுக்குத்தான் புள்ளி; புள்ளி மாறாமல் சர்வீஸ் மட்டும் அவனுக்குப் போனது. அதற்குப் பிறகு என் டாஸ் பாதியில் விழுந்தது, டிராப் வலையில் மாட்டியது. பதினான்குக்குப் பதினான்கு ஆனது; முதலில் பதினான்கைத் தொட்டவன் என்ற உரிமையில், இன்னும் மூன்று புள்ளி ஆடலாம் என்று கேட்டதும் நான்தான். அந்த மூன்றும் அவனுக்கே போனது.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி என் மட்டையை வாங்கித் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவன் பனியனைப் போட்டுக்கொண்டு ரயிலேறினான். முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினான். வந்த அன்றே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் குளிர்ந்தது என்பதை மறைப்பானேன்.

"ஒருத்தன் என்னைய நீ இழுத்த மாதிரியே இழுத்துட்டாம்டே," என்றான். "பின்னால தூக்குதான், முன்னால போடுதான். கால் ரெண்டும் கழண்டு போச்சு. ஆனா நான் வலையில தூக்கிக் குடுக்கும்போதெல்லாம், இவனும் உன்னய மாதிரி வலையோட சேத்து இழுப்பான்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

"இழுத்தானா?"

"எங்க இழுத்தான். அவன் அடிக்கவே இல்லடே. சும்மா தொட்டான்."

உள்ளே அடுப்படியில் என் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. நான் அவனைக் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போ என்றுகூடச் சொல்லவில்லை.